போட்டோவில் வந்த கணக்கு: எந்த மெஷினை வாங்கலாம்?

சிவகாசியில் ஒரு சிறிய அச்சகம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். கையில் 10 லட்சம் ரூபாய் இருக்கிறது. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் பழைய ஆஃப்செட் மெஷின் ஒன்றை வாங்கலாம். ஆர்டர் உடனே கிடைக்கும், ஆனால் வருஷம் போகப் போக ரிப்பேர் செலவு வருமானத்தைத் தின்னும். இல்லையென்றால் அட்டைப்பெட்டி செய்யும் புது மெஷினில் இறங்கலாம். அதற்கு வாடிக்கையாளரைப் பிடிக்கவே ஒரு வருஷம் ஆகும், பிறகு சூடுபிடிக்கும். ஆடிட்டர் ஒரு தாளில் கணக்குப் போட்டு, அதைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்.

| ரூ. லட்சத்தில் | பழைய மெஷின் | புது மெஷின் |
|---|---|---|
| தொடக்கம் | (10) | (10) |
| 1-ம் ஆண்டு | 6 | 1 |
| 2-ம் ஆண்டு | 4 | 3 |
| 3-ம் ஆண்டு | 3 | 5 |
| 4-ம் ஆண்டு | 1 | 8 |
| நிகரம் | 4 | 7 |

அடைப்புக்குறிக்குள் இருப்பது கையை விட்டுப் போகும் பணம். மற்றவை செலவும் வரியும் போக அந்தந்த ஆண்டில் கையில் நிற்கும் ரொக்கம்.

முதலாளி முதலில் கேட்பது, ‘போட்ட பணம் எப்போது திரும்பும்?’ என்பதுதான். பழைய மெஷினில் 6-ம் 4-ம் சேர்ந்து சரியாக 2 ஆண்டில் முதல் வந்துவிடுகிறது. புது மெஷினில் 3 ஆண்டு முடிந்தும் 9 லட்சம்தான். பாக்கி 1 லட்சம், நான்காம் ஆண்டின் 8 லட்சத்தில் எட்டில் ஒரு பங்கு. அதாவது ஒன்றரை மாதம். ஆக 3 ஆண்டு, ஒன்றரை மாதம். இதை முதல் மீளும் காலம் என்கிறோம். இந்தக் கணக்கில் பழைய மெஷினே ஜெயிக்கிறது.

ஆனால் முதல் திரும்பிய பிறகு என்ன நடக்கிறது என்பதை இந்தக் கணக்கு திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. நாளை வரும் ரூபாயும் இன்றைய ரூபாயும் ஒன்றல்ல என்பதும் அதற்குத் தெரியாது. அதற்குத்தான் நிகர நிகழ்கால மதிப்பு. பணத்தின் விலை ஆண்டுக்கு 12% என்றால், அடுத்த ஆண்டு வரும் ஒரு ரூபாய்க்கு இன்றைய மதிப்பு 89 காசு. இரண்டாம் ஆண்டு 80, மூன்றாம் ஆண்டு 71, நான்காம் ஆண்டு 64 காசு. ஒவ்வோர் ஆண்டின் ரொக்கத்தையும் இப்படிச் சுருக்கிக் கூட்டி, போட்ட முதலைக் கழிக்க வேண்டும். புது மெஷினின் 8 லட்சம் இப்படிச் சுருங்கி 5.08 லட்சமாகிறது. அப்படியும் அதன் நிகர மதிப்பு 1.93 லட்சம், பழைய மெஷினுக்கு 1.32 லட்சம்தான். தீர்ப்பு தலைகீழாகிவிட்டது.

கம்ப்யூட்டரில் போடுகிறவர்கள் ஒரு குழியில் விழுவார்கள். எக்செல்லின் `NPV`, தனக்குக் கொடுக்கும் முதல் தொகையை ஓராண்டு கழித்து வருவதாகவே எடுத்துக்கொள்ளும். தொடக்க முதலை அதற்குள் சேர்க்காமல் வெளியே கூட்ட வேண்டும். புது மெஷினின் எண்கள் `C2` முதல் `C6` வரை, முதல் தொகை மைனஸ் குறியோடு இருந்தால்:

```
=NPV(12%,C3:C6)+C2
```

எல்லாவற்றையும் உள்ளே போட்டால் 1.93-க்குப் பதில் 1.72 வரும். பார்க்க நம்பும்படி இருப்பதால் தப்பு கண்ணில் படாது.

போட்டோவில் வரும் தப்பு இதைவிடப் பெரிது. மடிப்பு விழுந்த தாளில் 8 என்பது 3 மாதிரித் தெரியும். புது மெஷினின் கடைசி ஆண்டை 3 என்று படித்தால் முதல் மீளும் காலம் 3 ஆண்டு 4 மாதம் ஆகும். இரண்டரை மாதம்தான் வித்தியாசம், யாருக்கும் சந்தேகம் வராது. நிகர மதிப்போ 1.25 லட்சம் நஷ்டமாக மாறிவிடும். பிடிக்க வழி கடைசி வரியில் இருக்கிறது: 1, 3, 5, 3 சேர்ந்து 12, அதில் 10 போனால் 2. தாளிலோ 7. எனவே படித்த எண்களைக் கூட்டி, நிகரத்தோடு ஒத்துப்பார்த்த பிறகே மற்ற கணக்கைத் தொடங்க வேண்டும். நிகர வரி போட்டோவில் வெட்டுப்பட்டிருந்தால் தாளை மறுபடி அனுப்பச் சொல்வதுதான் சரி. ‘லட்சத்தில்’ என்ற தலைப்பும், அடைப்புக்குறியும்கூட இப்படி ஓரத்தில் காணாமல் போகும்.

எண்கள் சரியாக இருந்தாலும் 12% என்பதை யார் சொன்னது என்று கேளுங்கள். வங்கிக் கடன் கிடைக்காமல் 18% வட்டிக்கு வெளியில் வாங்குகிறவருக்குப் பழைய மெஷின் 30 ஆயிரம் தருகிறது, புது மெஷின் 17 ஆயிரம்தான். ஏறக்குறைய 17% வட்டியில் இரண்டும் சமமாகின்றன. அதற்குக் கீழே பணம் கிடைக்கிறது, நான்காம் ஆண்டின் 8 லட்சத்தையும் நம்ப முடிகிறது என்றால் புது மெஷினை வாங்கலாம். இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் பழைய மெஷினே மேல்.