சாவி கை மாறினால் போதாது

பழைய வண்டியை விற்கப் போனால் புரோக்கர் சில தாள்களை நீட்டுவார். "இங்க ஒரு கையெழுத்து, இங்க ஒண்ணு. மத்ததெல்லாம் நாங்க பாத்துக்கறோம் சார்" என்பார். தாளில் வாங்குகிறவர் பெயர் இருக்காது, தேதியும் இருக்காது. பணம் கைக்கு வந்த நிம்மதியில் நாமும் கையெழுத்துப் போட்டு, ஆர்.சி. புத்தகத்தையும் சாவியையும் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிடுகிறோம். அந்தத் தாள்கள்தான் ஃபார்ம் 29, ஃபார்ம் 30. அவை ஆர்.டி.ஓ. அலுவலகம் போய்ச் சேரும் வரை அந்த வண்டிக்கு நாமே பொறுப்பு என்பது நம்மில் பலருக்குத் தெரிவதில்லை.

உச்ச நீதிமன்றம் வரை போன ஒரு வழக்கைச் சொல்கிறேன். 2007 ஜூலையில் ஒருவர் தன் காரை விற்றார். ஆர்.சி.யில் பெயர் மாறவில்லை. அதன் பிறகு அந்தக் கார் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு என்று அடுத்தடுத்துக் கைமாறியது. அப்போதும் யாரும் பெயரை மாற்றவில்லை. 2009 மே மாதம், பின்னோக்கி எடுக்கும்போது அந்தக் கார் ஒரு பெண் மீதும் உடன் இருந்த உறவுக்காரப் பையன் மீதும் மோதியது. பையன் இறந்துபோனான். நஷ்டஈட்டை யார் கொடுப்பது? கடைசியாகக் காரை வைத்திருந்தவரா, முதலில் விற்றவரா? 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர் என்று சொன்னது. காரை விற்றுப் பல மாதங்கள் கழிந்தும் பொறுப்பு அந்த முதல் ஆளின் மேலேயே விழுந்தது. விபத்தில் பாதிக்கப்பட்டவர்கள் வண்டி எத்தனை கை மாறியது என்று தேடி அலைய வேண்டியதில்லை என்பது நீதிமன்றம் சொன்ன காரணம். பிள்ளையை இழந்த குடும்பத்தின் பக்கம் நின்று பார்த்தால் அது நியாயம்தான்.

ஆகவே தேதிக் கணக்கு முக்கியம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 50ஆவது பிரிவு விற்கிறவருக்கு ஒரு கெடுவும் வாங்குகிறவருக்கு ஒரு கெடுவும் வைத்திருக்கிறது. தஞ்சாவூர்க்காரர் ஒருவர் தன் ஸ்கூட்டரைத் திருச்சிக்காரருக்கு ஜூன் 1ஆம் தேதி விற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். விற்றவர் 14 நாளுக்குள், அதாவது ஜூன் 15க்குள், விற்ற விவரத்தை ஃபார்ம் 29இல் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவித்து, அதன் நகலை வாங்கியவருக்கும் அனுப்ப வேண்டும். வாங்கியவர் 30 நாளுக்குள், ஜூலை 1க்குள், தான் குடியிருக்கும் திருச்சியின் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். கெடு தாண்டினால் தாமதக் கட்டணம் உண்டு. ஆனால் அந்தப் பணத்தைவிட, தாமதிக்கும் ஒவ்வொரு நாளும் வண்டி இன்னொருவர் பெயரில் ஓடுகிறது என்பதுதான் கவலைப்பட வேண்டிய விஷயம்.

ஃபார்ம் 29ஐ இரண்டு பிரதிகளாகக் கொடுக்க வேண்டும். ஆர்.டி.ஓ. அலுவலகத்தின் குறிப்போடு ஒரு பிரதி விற்றவருக்கே திரும்பி வர வேண்டும் என்று அந்தப் படிவத்தின் தலையிலேயே இருக்கிறது. வண்டியை விற்றவர்களில் எத்தனை பேர் அந்தப் பிரதியைக் கேட்டு வாங்கியிருப்பார்கள்? ஃபார்ம் 30 இரண்டு பகுதி கொண்டது. முதல் பகுதியில் விற்கிறவரும் இரண்டாம் பகுதியில் வாங்குகிறவரும் கையெழுத்திட வேண்டும். கூடவே அசல் ஆர்.சி., நடப்பில் உள்ள இன்சூரன்ஸ், புகைச் சான்று, வாங்குபவரின் முகவரிச் சான்று, சேஸிஸ் எண்ணின் பென்சில் பிரிண்ட் ஆகியவை கேட்பார்கள். இப்போது பரிவாகன் இணையதளத்திலேயே விண்ணப்பத்தைத் தொடங்கிக் கட்டணத்தையும் கட்டிவிடலாம்.

கையெழுத்துப் போடும் முன் வாங்குபவரின் பெயர், முகவரி, விற்ற தேதி மூன்றையும் உங்கள் கண் முன்னால் எழுதச் சொல்லுங்கள். "பார்ட்டி இன்னும் முடிவாகல சார்" என்று புரோக்கர் சொன்னால், வண்டி இன்னும் விற்கவில்லை என்றுதான் அர்த்தம். வண்டியை ஒப்படைக்கும்போது ஒரு வெள்ளைத்தாளில் பதிவு எண், சேஸிஸ் எண், தேதி, மணி, நிமிடம் எல்லாம் எழுதி இருவரும் கையெழுத்திட்டு, வாங்குபவரின் அடையாள அட்டை நகலோடு வைத்துக்கொள்ளுங்கள். மறுநாள் அந்த வண்டிக்கு ஒரு போலீஸ் அபராதம் வந்தால், அப்போது வண்டி யாரிடம் இருந்தது என்று காட்ட அது உதவும். ஆனால் அந்தத் தாள் பெயர் மாற்றத்துக்கு ஈடாகாது.

2023 ஏப்ரல் 1 முதல் ஒரு நல்ல ஏற்பாடு வந்திருக்கிறது. பழைய வண்டி வாங்கி விற்கும் டீலர்கள் ஆர்.டி.ஓ.விடம் அங்கீகாரச் சான்று பெறலாம். அப்படிப்பட்டவரிடம் வண்டியைக் கொடுக்கும்போது, இருவரும் சேர்ந்து ஃபார்ம் 29சியைப் பரிவாகன் தளத்தில் பதிந்தால், அது முதல் வண்டிக்கு அவரே பொறுப்பாகிறார். அடுத்த ஆள் கிடைக்கும் வரை நீங்கள் கலங்க வேண்டியதில்லை. ஆகவே டீலரிடம் விலை பேசும்போதே அந்தச் சான்றைக் காட்டச் சொல்லுங்கள்.

கடனில் வாங்கிய வண்டியென்றால் ஆர்.சி.யில் வங்கியின் பெயரும் இருக்கும். கடைசித் தவணை கட்டியதோடு அது தானாக அழியாது. வங்கியின் தடையில்லாச் சான்றும் அது கையெழுத்திட்ட ஃபார்ம் 35உம் வாங்கி, அந்தப் பதிவை நீக்க வேண்டும். வேறு மாநிலத்துக்கு விற்றால் பதிவு செய்த ஆர்.டி.ஓ.விடமும் தடையில்லாச் சான்று வாங்க வேண்டும். அதற்கு ஃபார்ம் 28, விற்றவருக்குக் கெடு 45 நாள். உரிமையாளர் இறந்துவிட்டால் வாரிசு 30 நாளுக்குள் தகவல் சொல்லி, மூன்று மாதத்துக்குள் ஃபார்ம் 31இல் விண்ணப்பிக்க வேண்டும்.

இனி வாங்குகிறவருக்கு. இன்சூரன்ஸ் வண்டியோடு வந்துவிடும் என்று நினைத்திருப்பீர்கள். அது பாதிதான் உண்மை. உங்கள் வண்டியால் பிறருக்கு ஏற்படும் பாதிப்புக்கான மூன்றாம் நபர் காப்பு, வண்டியோடு உங்களுக்கு வந்துவிடும். உங்கள் வண்டிக்கே ஏற்படும் சேதம், திருட்டு ஆகியவற்றுக்கான காப்பு அப்படி வராது. பாலிசி பழையவர் பெயரில் இருக்கையில் வண்டி திருடு போனால், உங்களுக்கும் இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் ஒப்பந்தமே இல்லை என்று சொல்லிவிடலாம். வாங்கிய 14 நாளுக்குள் கம்பெனிக்கு எழுதிப் பாலிசியை உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். விபத்து க்ளெய்ம் கேட்காததற்குக் கிடைக்கும் 'நோ க்ளெய்ம் போனஸ்' தள்ளுபடி ஆளைச் சேர்ந்தது, வண்டியைச் சேர்ந்ததல்ல. விற்றவர் அதைத் தன் அடுத்த வண்டிக்குக் கொண்டுபோகலாம். வாங்கியவர் அந்த வித்தியாசத் தொகையைக் கட்ட வேண்டியிருக்கும். விலை பேசும்போது இதையும் கணக்கில் வையுங்கள்.

முன்பணம் கொடுக்கும் முன், வண்டிக்குப் பாக்கி இருக்கும் அபராதங்களை echallan.parivahan.gov.in தளத்தில் பார்த்துவிடுங்கள். சேஸிஸ் எண்ணை வண்டியில் பார்த்து ஆர்.சி.யோடு ஒப்பிடுங்கள். எண்ணைச் சுரண்டிய தடம் தெரிந்தால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அந்த வண்டி வேண்டாம்.

ஏற்கெனவே ஒரு வண்டியை விற்றுவிட்டு, பெயர் மாறியதா என்று பார்க்காமல் இருப்பவரும் இதைப் படித்துக்கொண்டிருக்கலாம். இன்றே பரிவாகன் தளத்தில் அந்த எண்ணைப் போட்டுப் பாருங்கள். இன்னும் உங்கள் பெயர் இருந்தால், வாங்கியவரை அழைத்து உடனே விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். அவர் கிடைக்கவில்லை என்றால், விற்ற ஆதாரங்களோடு ஆர்.டி.ஓ.வுக்கு எழுத்தில் கொடுத்து ஒப்புகை வாங்கி வையுங்கள்.