‘மாதம் 12,000 வரை’ என்றால் கையில் எவ்வளவு?

கல்லூரிகளில் ஒற்றைப்படை செமஸ்டர் முடியும் சமயத்தில் டிசைன் ஸ்டூடியோக்களின் இன்ஸ்டாகிராம் பக்கங்களில் ‘இன்டர்ன் தேவை’ என்ற அறிவிப்புகள் வரத் தொடங்கும். வண்ணமயமான ஒரு படம், அதன் கீழே ஒரு கேப்ஷன். மாணவர்கள் பெரும்பாலும் படத்தைப் பார்த்துவிட்டு விண்ணப்பித்துவிடுவார்கள். தெரிந்துகொள்ள வேண்டிய விஷயமெல்லாம் இருப்பது கேப்ஷனில்தான். அதிலும் தகுதி, ஊக்கத்தொகை என்ற இரண்டு வரிகளில்தான் கணக்கு இருக்கிறது. வழக்கமாக வரும் அறிவிப்புகளின் அச்சில் நானே எழுதிய ஒரு மாதிரியை வைத்து அதைப் பார்ப்போம்.

> ஃபைனல் இயர் டிசைனர்களே, உங்களுக்காகத்தான் காத்திருக்கிறோம்! எங்கள் குழுவோடு சேர்ந்து அசத்த ரெடியா?
> 6 மாத கிராஃபிக் டிசைன் இன்டர்ன்ஷிப். சென்னை. நேரில் வர வேண்டும். ஜனவரியில் தொடக்கம்.
> தகுதி: ஃபைன் ஆர்ட்ஸ், விஸ்காம், டிசைன் இறுதியாண்டு மாணவர்கள். இல்லஸ்ட்ரேட்டர், ஃபோட்டோஷாப் தெரிந்திருக்க வேண்டும். தமிழ் டைப்போகிராஃபியில் ஆர்வம் இருந்தால் முன்னுரிமை.
> ஊக்கத்தொகை: மாதம் ரூ.12,000 வரை.
> போர்ட்ஃபோலியோவை மின்னஞ்சலில் அனுப்பவும். சிறு டாஸ்க் ஒன்று தரப்படும்.

போனில் இந்தப் பதிவைத் திறந்தால் முதல் ஒன்றிரண்டு வரிகள் மட்டுமே தெரியும். மீதி ‘more’ என்ற சொல்லுக்குப் பின்னால் மறைந்திருக்கும். இந்த மாதிரியில் வெளியே தெரிவது அழைப்பு மட்டும்தான்; ஊரும் மாதமும் தொகையும் உள்ளே போய்விடுகின்றன. அந்தப் படத்தை யாராவது ஸ்கிரீன்ஷாட் எடுத்து வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போட்டால் கேப்ஷன் கூடவே வராது, பதிவிட்ட தேதியும் வராது. போன வருட அறிவிப்புக்கு இந்த வருடம் விண்ணப்பிப்பவர்கள் இப்படித்தான் உருவாகிறார்கள். குழுவில் வந்த படத்தை நம்பாமல் ஸ்டூடியோவின் பக்கத்துக்கே போய், தேதியைப் பார்த்து, கேப்ஷன் முழுவதையும் விரித்துப் படிப்பதுதான் முதல் வேலை.

‘இறுதியாண்டு’ யாருக்கு?

தகுதி வரி எல்லோரையும் அழைப்பதுபோல் இருக்கிறது. ஆனால் விஸ்காம் மூன்று வருடப் படிப்பு, பி.டெஸ் நான்கு வருடம். பி.டெஸ் படிக்கும் பலருக்குக் கடைசி செமஸ்டரில் வகுப்பே இருக்காது. வெளியே ஒரு நிறுவனத்தில் செய்யும் ப்ராஜெக்ட்தான் பாடம். அவர்களால் ஜனவரியில் நேரில் போய் உட்கார முடியும். விஸ்காம் மாணவருக்கு ஆறாவது செமஸ்டரில் வகுப்பும் தேர்வும் இருக்கும். தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் பொதுவாக 75 சதவீத வருகைப்பதிவு வேண்டும். திங்கள் முதல் வெள்ளி வரை ஸ்டூடியோவுக்குப் போனால் வருகைப்பதிவு குறையும், தேர்வு எழுதுவதே சிக்கலாகும்.

ஆக, அறிவிப்பில் விஸ்காமின் பெயர் இருந்தாலும் ஜனவரி என்ற சொல் அந்த மாணவரை வெளியே நிறுத்திவிடுகிறது. கல்லூரி தடையின்மைச் சான்று தருமா, வாரத்தில் எத்தனை நாள் விடும் என்பதைத் துறைத்தலைவரிடம் விண்ணப்பிக்கும் முன்பே கேட்டுவிட வேண்டும். ஸ்டூடியோவிடம் கேட்க வேண்டியது வேறு: மே மாதம் தொடங்கலாமா, அல்லது ஏப்ரல் வரை வாரம் இரண்டு நாள் வந்தால் போதுமா? ‘இறுதியாண்டு’ என்று பொதுவாகச் சொல்லாமல், எந்த வருடம் படிப்பை முடிப்பவர்கள், எந்த மாதத்திலிருந்து வாரம் எத்தனை நாள் வர வேண்டும் என்று எழுதும் ஸ்டூடியோ இந்தக் குழப்பத்தையெல்லாம் ஒரே வரியில் தீர்த்துவிடுகிறது.

ஒரு கொம்பு போதும்

‘இல்லஸ்ட்ரேட்டர் தெரிந்திருக்க வேண்டும்’ என்பதைச் சான்றிதழை வைத்து யாரும் பார்ப்பதில்லை, போர்ட்ஃபோலியோவை வைத்துத்தான் பார்ப்பார்கள். இன்டர்னுக்கு முதலில் கிடைக்கும் வேலை பெரும்பாலும் புதிய லோகோ வரைவது அல்ல. சீனியர் செய்த ஒரு டிசைனை பேனர், ஸ்டோரி, போஸ்ட், பத்திரிகை விளம்பரம் என்று பல அளவுகளுக்கு மாற்றுவதும், அச்சுக்குப் போகும் ஃபைலைச் சரிபார்ப்பதும்தான். அதனால் ஒரே டிசைனை நான்கைந்து அளவுகளில் பிசகாமல் செய்து காட்டும் ஒரு பக்கம், போர்ட்ஃபோலியோவில் பத்து கற்பனை லோகோக்களைவிட அதிகம் பேசும்.

தமிழ் டைப்போகிராஃபிக்கு முன்னுரிமை என்று எழுதியிருப்பதால் இன்னொரு விஷயமும் பார்ப்பார்கள். இல்லஸ்ட்ரேட்டரில் இந்திய மொழிகளுக்கான அமைப்பை இயக்காமல் யூனிகோட் தமிழை ஒட்டினால் எழுத்து உடையும். ‘கொ’ என்ற எழுத்தில் ககரத்துக்கு முன்னால் நிற்க வேண்டிய கொம்பு பின்னால் போய் விழும். சில இடங்களில் புள்ளிபோட்ட ஒரு வட்டமும் கூடவே வரும். இதைச் சரிசெய்ய Preferences பகுதியில் Type என்பதற்குள் போய் Show Indic Options என்ற தேர்வை இயக்கிவிட்டு, பிறகு பத்திக்கான பேனலில் தெற்காசிய மொழிகளுக்குரிய கம்போசரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். போர்ட்ஃபோலியோவில் ஒரே ஒரு கொம்பு இடம் மாறி இருந்தாலும் தமிழ் தெரிந்த ஆர்ட் டைரக்டருக்குப் பளிச்சென்று தெரியும். இவர் தன் டிசைனைத் தானே படித்துப் பார்க்கவில்லை என்றுதான் அவர் முடிவுகட்டுவார்.

அனுப்பும் விதத்திலும் ஒரு கண்ணி இருக்கிறது. 25 எம்பிக்கு மேற்பட்ட ஃபைலை ஜிமெயில் இணைப்பாக அனுப்பாது, டிரைவ் லிங்க்காக மாற்றிவிடும். பார்ப்பதற்கான அனுமதியைத் திறந்து வைக்காவிட்டால் அந்தப் பக்கத்தில் அனுமதி கேட்கும் திரைதான் வரும். நூறு விண்ணப்பம் பார்க்கிறவர் அனுமதி கேட்டுவிட்டுக் காத்திருக்க மாட்டார். பிடிஎஃப்பை 10 எம்பிக்குள் சுருக்கி அனுப்புவது நல்லது.

‘வரை’ செய்யும் வேலை

இனி பணத்துக்கு வருவோம். மாதம் 12,000 என்றால் ஆறு மாதத்துக்கு 72,000. ஆனால் அறிவிப்பில் இருப்பது ‘12,000 வரை’. முதல் மாதம் பயிற்சிக்காலம் என்று 6,000, அடுத்த இரண்டு மாதம் 9,000, கடைசி மூன்று மாதம் 12,000 என்று ஒரு ஸ்டூடியோ கொடுத்தால் மொத்தம் 60,000தான் வரும், அதாவது மாதத்துக்குச் சராசரி 10,000. அறிவிப்பில் பொய் எதுவும் இல்லை. ‘வரை’ என்ற சொல் 12,000 ரூபாயை விழுங்கிவிட்டது, அவ்வளவுதான்.

மதுரையிலிருந்து சென்னைக்கு வரும் ஒரு மாணவியை எடுத்துக்கொள்வோம். சாப்பாட்டோடு விடுதிக்கு 7,500, பஸ், ரயிலுக்கு 1,500 என்று வைத்தால் மாதச் செலவு 9,000. அந்த 6,000 ரூபாய் மாதத்தில் 3,000 கையைக் கடிக்கும். அடுத்த இரண்டு மாதம் வரவும் செலவும் சரியாகப் போகும். ஊக்கத்தொகை மாதக் கடைசியில்தான் வரும் என்பதால், விடுதி முன்பணம் ஒரு மாதத் தொகை என்றாலும், முதல் ரூபாய் கைக்கு வருமுன் வீட்டிலிருந்து 16,500 ரூபாய் போயிருக்கும். சொந்த லேப்டாப் கொண்டுவரச் சொன்னால், அதில் போடும் மென்பொருளின் சந்தா யாருடையது என்ற கேள்வியும் சேர்ந்துகொள்ளும்.

வரிப் பிடித்தம் இன்னொரு கணக்கு. இன்டர்னுக்குக் கொடுக்கும் பணத்தைத் தொழில்முறைக் கட்டணம் என்ற தலைப்பில் எழுதும் ஸ்டூடியோக்கள் 10 சதவீதம் பிடிப்பது வழக்கம். 2025 ஏப்ரல் முதல் இந்தப் பிடித்தம், ஒருவருக்கு ஒரு நிதியாண்டில் கொடுக்கும் தொகை 50,000 ரூபாயைத் தாண்டினால்தான். ஜூனில் தொடங்கி நவம்பரில் முடியும் இன்டர்ன்ஷிப்பில் முழு 72,000 ரூபாயும் ஒரே நிதியாண்டில் விழும், 7,200 பிடிபடலாம். ஜனவரியில் தொடங்கினால் மார்ச் வரை 36,000, ஏப்ரலிலிருந்து 36,000 என்று இரண்டு நிதியாண்டுகளாகப் பிரிந்துவிடும். பிடிக்க வேண்டியதே இல்லை. பிடித்திருந்தாலும் அது போன பணம் அல்ல. வேறு வருமானம் இல்லாத மாணவர் வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்தால் முழுவதும் திரும்ப வரும். அதற்கு பான் அட்டையும், பிடித்ததற்கான சான்றிதழும் வேண்டும்.

குறைந்தபட்சம் இவ்வளவு கொடுத்தே ஆக வேண்டும் என்று சட்டம் இல்லையா என்று பெற்றோர் கேட்பதுண்டு. 1961ஆம் ஆண்டின் அப்ரெண்டிஸ் சட்டத்தின்கீழ் பதிவுசெய்த பயிற்சியாளர்களுக்கு அப்படியொரு குறைந்தபட்சத் தொகை உண்டு. 2019இல் விதியைத் திருத்தியபோது பட்டதாரிகளுக்கு மாதம் 9,000 என்று வைத்தார்கள். ஆனால் ஸ்டூடியோக்கள் இன்ஸ்டாகிராமில் அறிவிக்கும் இன்டர்ன்ஷிப்கள் பெரும்பாலும் அந்தப் பதிவுக்குள் வருவதில்லை. அதனால் எழுத்தில் ஒப்புக்கொண்ட தொகைதான் உங்கள் பாதுகாப்பு.

‘சிறு டாஸ்க்’

கடைசி வரியில் ஒரு டாஸ்க் வருகிறது. கற்பனையான ஒரு தேநீர்க் கடைக்கு போஸ்டர் செய்யச் சொன்னால் அது தேர்வு. உண்மையில் இயங்கும் ஒரு கடையின் பெயர், விலைப்பட்டியல், இந்த வாரத் தள்ளுபடி என்று எல்லாம் கொடுத்து, ஓப்பன் ஃபைலையும் கேட்டால் அது வேலை. தேர்வுக்கு ஜேபெக் போதும்; திருத்தக்கூடிய மூல ஃபைல் தேவைப்படுவது அச்சகத்துக்கும் கிளையன்ட்டுக்கும்தான்.

1957ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டப்படி ஒரு படைப்பின் முதல் உரிமையாளர் அதைச் செய்தவரே. பணியிலோ அப்ரெண்டிஸாகவோ இருக்கும்போது அந்த வேலையின் பகுதியாகச் செய்தது மட்டும், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், வேலை கொடுத்தவருக்குப் போகும். அதனால் சேருவதற்கு முன் செய்த டாஸ்க் உங்களுடையது. உரிமையை மாற்றிக்கொடுக்க எழுத்துப்பூர்வமான ஒப்பந்தம் வேண்டும். சேர்ந்த பிறகு செய்ததைப் போர்ட்ஃபோலியோவில் போட ஸ்டூடியோவின் அனுமதி வேண்டியிருக்கும். ஆறு மாத உழைப்பைப் பிறகு எங்கும் காட்ட முடியாமல் போகாதிருக்க, ‘வெளியான டிசைன்களைப் போர்ட்ஃபோலியோவில் பயன்படுத்தலாம்’ என்ற வரியைச் சேர்க்கைக் கடிதத்திலேயே கேட்டு வாங்குங்கள்.

இத்தனையையும் ஒரு சிறிய மின்னஞ்சலில் கேட்டுவிடலாம். ‘வணக்கம். உங்கள் இன்டர்ன்ஷிப் அறிவிப்பைப் பார்த்தேன். எனக்கு ஏப்ரலில் தேர்வு முடிகிறது. மே முதல் வாரத்திலிருந்து வர முடியும். முதல் மாதத்திலிருந்து ஊக்கத்தொகை எவ்வளவு, எந்தத் தேதியில் கிடைக்கும்? லேப்டாப், மென்பொருளை ஸ்டூடியோ தருமா? வெளியான வேலைகளைப் போர்ட்ஃபோலியோவில் சேர்க்கலாமா? போர்ட்ஃபோலியோவை இணைத்துள்ளேன்.’ இதில் மரியாதைக்குறைவு எதுவும் இல்லை. ஒழுங்காக நடக்கும் ஸ்டூடியோவுக்கு இதற்குப் பதில் தயாராகவே இருக்கும்.

பதிலைப் போனில் சொன்னால், பேசியதைச் சுருக்கி நீங்களே ஒரு மின்னஞ்சல் அனுப்பி உறுதிசெய்துகொள்ளுங்கள். பதிவுக்கட்டணம், டெபாசிட், அசல் சான்றிதழ் என்று எதைக் கேட்டாலும் விலகிவிடுங்கள். இன்டர்ன்ஷிப்பில் பணம் ஸ்டூடியோவிலிருந்து மாணவருக்குத்தான் போக வேண்டும், மாணவரிடமிருந்து ஸ்டூடியோவுக்கு அல்ல.