மச்சில் நடப்பது யார்?

ராத்திரி சீலிங்கில் தடதடவென்று சத்தம் கேட்டால் வீட்டில் முதலில் எழும் பெயர் பெருச்சாளி. சத்தம் அவ்வளவு பெரிதாக இருக்கும்போது சின்ன எலியென்று நம்ப மனம் வராது. ஆனால் பெருச்சாளி தரையோடு வாழும் பிராணி. வளை தோண்டும், சாக்கடையோரம் திரியும், கொல்லைப்புறத்தில் மண்ணைக் குவித்துப் போடும். ஒரு கிலோவை எட்டும் உடம்பைத் தூக்கிக்கொண்டு சுவரேறி ஓட்டுக்கடியில் புகுவது அதன் வழக்கமில்லை. எங்காவது படிக்கட்டோ அடுக்கிவைத்த விறகோ வழிகாட்டினால் ஏறலாம், அது அபூர்வம். மச்சில் சத்தம் என்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இரண்டு பேரைத்தான்: கூரைகளில் குடியிருக்கும் சாதாரண வீட்டு எலி, அல்லது மரநாய்.

இரண்டுக்கும் எடையில் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். வீட்டு எலி இருநூறு கிராம் இருந்தாலே அதிகம். மரநாய் இரண்டு கிலோவிலிருந்து ஐந்து கிலோ வரை வரும். அப்படியிருந்தும் சத்தத்தின் அளவை வைத்து ஆளைப் பிடிக்க முடியாது. அடியில் வெற்றிடம் விட்டு அடித்த பலகையும் ஜிப்சம் அட்டையும் மிருதங்கத்தின் தோல்மாதிரி. விரலால் தட்டினாலே முழங்கும். ஊரடங்கிய நேரத்தில் எலி ஓடினாலும் ஆள் ஓடுவதுபோலக் கேட்கும். ஆகவே எவ்வளவு சத்தம் என்பதை விட்டுவிட்டு, எந்த நடையில், எந்த மணிக்கு என்று கவனிக்க வேண்டும்.

எலியின் ஓட்டம் நெருக்கமான, பொடிப்பொடியான சத்தம். சரசரவென்று ஓடும், சட்டென்று நிற்கும், திரும்ப ஓடும். இடையிடையே பலகையையோ ஒயரையோ கொறிக்கும் கரகர ஓசை ஒரே இடத்திலிருந்து விடாமல் வரும். கொறிக்கும் சத்தம் கேட்டுவிட்டால் மரநாயை விட்டுவிடலாம். அதற்கு அந்தப் பழக்கம் கிடையாது. மரநாயின் வருகை ஒரு ‘தொப்’பில் தொடங்கும். கிளையிலிருந்து ஓட்டின்மேல் குதிக்கிற சத்தம் அது. பிறகு ஒவ்வொரு அடியும் தனித்தனியாக எண்ணும்படி விழும். பிறகு வெகுநேரம் ஒன்றுமிருக்காது.

இந்த மௌனந்தான் பெரிய துப்பு. மச்சு மரநாய்க்குப் பகலில் படுத்துறங்கும் இடம். இருட்டியதும் இரை தேடிக் கிளம்பிவிடும், விடியுமுன் திரும்பிவரும். அதனால் சத்தம் இரவு ஏழெட்டு மணிவாக்கில் ஒருமுறை, விடிகாலையில் ஒருமுறை என்று இரண்டு தவணையாக இருக்கும். எலிக்கு மச்சே வீடும் தெருவும். இரவில் விட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டே இருக்கும். ஒரு விதிவிலக்கு உண்டு. மரநாய் குட்டி போட்டிருந்தால் தாய் வெளியே போன நேரத்திலும் குட்டிகள் புரண்டு விளையாடும், கீச்சிடும்.

காது சொன்னதை உறுதிப்படுத்துவது எச்சம். எலிப்புழுக்கை ஒரு சென்டிமீட்டரை ஒட்டிய நீளத்தில், இரு நுனியும் கூராக, ஓடும் வழியெல்லாம் சிதறிக் கிடக்கும். மரநாய் அப்படி இறைப்பதில்லை. மதில்மேல், ஓட்டு விளிம்பில், தண்ணீர்த் தொட்டி மூடியில் என்று அதற்கென்று சில இடங்கள் உண்டு. அந்த எச்சத்தைக் குச்சியால் பிரித்துப் பாருங்கள். சப்போட்டாக் காலமானால் கறுத்துப் பளபளக்கும் விதைகள் கழுவி எடுத்தாற்போல முழுசு முழுசாக இருக்கும். பழத்தை விழுங்கிச் சதையை மட்டும் செரித்துக்கொண்டு விதையை அப்படியே வெளியேற்றும் பிராணி இது. காப்பித் தோட்டக்காரர்களுக்கு இந்த விதைக்கட்டி நன்றாகவே தெரியும். பூனையின் கழிவில் இப்படி விதை இருக்காது. அதையும் பூனை பெரும்பாலும் மண்ணில் மூடிவிடும்.

மார்த்தாண்டம் பக்கம் என் சித்தப்பாவின் ஓட்டு வீட்டில் நடந்தது இதற்கு நல்ல உதாரணம். பலகை மச்சு, பக்கத்தில் கூரையைத் தொடும் சப்போட்டா மரம். பெருச்சாளி என்று முடிவுகட்டி எலிமருந்து வைத்துக்கொண்டே இருந்தார்கள். மருந்து குறையவுமில்லை, சத்தம் நிற்கவுமில்லை. “இது மருந்துக்கும் மசியாத பெருச்சாளிடா” என்றார் சித்தப்பா. மதில்மேல் விதை நிறைந்த எச்சத்தைப் பார்த்த பிறகுதான் அவருக்கே சந்தேகம் தட்டியது. அடுப்புச் சாம்பலைச் சலித்து, மச்சுக்குள் நுழையும் இடத்தில் ஒரு பலகைமேல் மெல்லிசாகத் தூவினோம். இதற்கு அரிசிமாவு ஆகாது. எலி இருந்தால் தடத்தோடு சேர்த்துத் தின்றுவிடும். காலையில் வட்டமான தடங்கள், ஒவ்வொன்றிலும் ஐந்து விரல். பூனையென்றால் நான்கு விரல்தான் பதியும். எலியின் முன்னங்காலுக்கும் நான்குதான், பின்னங்காலில் ஐந்து இருந்தாலும் தடம் பொடிசு.

மறுநாள் பொழுது சாய்ந்ததும் முற்றத்தில் விளக்கணைத்து உட்கார்ந்தோம். விலகிக் கிடந்த ஒரு ஓட்டின் சந்திலிருந்து முதலில் தலை, பிறகு சாம்பல்கறுப்பு உடம்பு, பிறகு உடம்பளவுக்கு நீண்ட வால். ஓட்டு முகட்டில் நடந்து சப்போட்டாக் கிளைக்கு மாறிப் போய்விட்டது. வாசல் எது, வழி எது என்று இரண்டும் ஒரே மாலையில் தெரிந்துவிட்டன. ஓட்டைக்குக் காவலிருப்பது மச்சில் ஏறித் தேடுவதைவிட எப்போதும் மேல். ஏறினால் அது மூலையில் ஒடுங்கிக் கடிக்கப் பார்க்கும். எலி இருக்கும் மச்சானால் பாம்பும் இருக்கலாம்.

ஓட்டையைப் பார்த்த கையோடு ஓட்டைச் சரிசெய்துவிடலாம் என்றுதான் தோன்றும். குட்டி இல்லையென்று தெரிந்த பிறகே அதைச் செய்ய வேண்டும். உள்ளே குட்டி மாட்டிக்கொண்டால் தாய் ஓட்டைப் பிய்த்தாவது நுழையப் பார்க்கும். முடியாவிட்டால் குட்டிகள் செத்து, வீடெங்கும் நாறும். தாய் போன பிறகு மச்சடியில் நின்று காது கொடுங்கள். கீச்சொலி வந்தால் குட்டிகள் வளர்ந்து தாங்களே வெளியேறும்வரை பொறுக்க வேண்டும். சித்தப்பா வீட்டில் குட்டி இல்லை. ஆனாலும் ஓட்டைச் சந்தில் கசக்கிய செய்தித்தாளைச் செருகி வைத்து, உள்ளே எதுவும் மிஞ்சவில்லை என்று பார்த்துக்கொண்டோம். தாள் கலையாமல் இருந்த பிறகு, மரநாய் வெளியே போன ஒரு இரவில் ஓட்டைப் பொருத்தி, சந்துக்குத் தடித்த கம்பிவலை அடித்தார்கள். மெல்லிய கோழிவலையை அது நெம்பிவிடும். கூரையைத் தொட்ட கிளைகளையும் நன்றாக விலக்கி வெட்டியாயிற்று.

பொறிவைத்துப் பிடிக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. மரநாய் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வரும் பிராணி. பிடிப்பதும் கொல்வதும் குற்றம். காயம்பட்டோ மாட்டிக்கொண்டோ இருந்தால் வனத்துறையைக் கூப்பிட வேண்டும். தவிர, ஒன்றைக் கொண்டுபோய் வேறெங்கோ விட்டாலும் ஓட்டை திறந்திருக்கும்வரை அந்த இடத்துக்கு இன்னொன்று வரும்.

சாம்பலில் எலித்தடம் விழுந்தால் வேலை வேறு. மரநாய்க்கு அதன் தலை நுழைகிற ஓட்டை வேண்டும். எலிக்கு உங்கள் கட்டைவிரல் நுழைகிற சந்து போதும். குழாய் சுவரைத் துளைக்கும் இடம், உத்திரம் சுவரில் உட்காரும் இடம், ஏசி ஒயர் நுழையும் துளை என்று ஒவ்வொன்றையும் சிமெண்டாலோ இரும்புநாராலோ அடைக்க வேண்டும். எலி வழக்கமாக உரசிப்போகும் இடத்தில் கறுத்த எண்ணெய்ப் பிசுக்கு படிந்திருக்கும். அதைப் பின்தொடர்ந்தால் சந்து அகப்படும். மச்சில் இருக்கும் எலிக்கு மருந்தைவிடப் பொறியே நல்லது. மருந்து தின்ற எலி எட்டாத மூலையில் செத்துக் கிடக்கும்; அதைத் தூக்கிப்போகும் கூகைக்கும் அந்த விஷம் போய்ச் சேரும். புழுக்கையை உலர்ந்தபடி துடைப்பத்தால் பெருக்காதீர்கள். பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரைத் தெளித்து ஊறவிட்டு, முகத்தை மூடிக்கொண்டு, கையுறையோடு வழித்தெடுங்கள். எலிமூத்திரத்திலிருந்துதான் எலிக்காய்ச்சல் வருகிறது.