உதவித்தொகை ஸ்கிரீன்ஷாட்: 'Pending', 'Defective' என்றால் என்ன செய்ய வேண்டும்?

கேளம்பாக்கத்திலிருந்து ஒரு சகோதரர் சென்ற வாரம் எங்களுக்கு ஒரு ஸ்கிரீன்ஷாட் அனுப்பியிருந்தார். கல்லூரியில் முதலாண்டு படிக்கும் மகளுக்காக தேசிய உதவித்தொகை தளத்தில் (scholarships.gov.in) விண்ணப்பித்திருக்கிறார். திரையில் 'Defective' என்று இருந்தது. "நிராகரித்துவிட்டார்களா?" என்பதுதான் அவருடைய கேள்வி.

இல்லை. 'Rejected' என்பதுதான் நிராகரிப்பு. 'Defective' என்றால் குறையைச் சரிசெய்து மீண்டும் அனுப்பச் சொல்லி விண்ணப்பத்தை மாணவரிடமே திருப்பிவிட்டார்கள் என்று பொருள்.

இத்தளத்தில் விண்ணப்பம் இரண்டு கட்டமாகச் சரிபார்க்கப்படுகிறது. முதலில் கல்லூரியின் பொறுப்பு அலுவலர் பார்ப்பார். பிறகு மாவட்ட, மாநில அல்லது அமைச்சக அளவிலான அலுவலர் பார்ப்பார். ஆகவே 'Pending' என்று கண்டால், யாரிடம் நிலுவையில் இருக்கிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். கல்லூரி மட்டத்தில் நின்றால் இங்கிருந்து செங்கல்பட்டு கலெக்டர் அலுவலகத்துக்கு அலைவதில் பயனில்லை. கல்லூரி அலுவலகத்தில்தான் கேட்க வேண்டும்.

அந்தச் சகோதரர் அனுப்பிய படத்தில் பாதி வெட்டப்பட்டிருந்தது. நம்மவர்கள் பலரும் இப்படித்தான், சிவப்பு எழுத்தை மட்டும் படம்பிடித்து அனுப்புகிறார்கள். அலுவலர் எழுதிய காரணம்தான் முக்கியம். முழுப் படத்தைக் கேட்டு வாங்கினோம். வருமானம் சான்றிதழோடு பொருந்தவில்லை என்று அதில் குறிப்பிட்டிருந்தார்கள். வருமானச் சான்றிதழில் ஆண்டு வருமானம் 1,44,000 ரூபாய். ஆண்டு வருமானம் கேட்ட கட்டத்தில் மகள் மாத வருமானமான 12,000-ஐ நிரப்பியிருக்கிறார். அவர் விண்ணப்பித்த மத்தியத் துறை கல்லூரி உதவித்தொகைக்கு வருமான உச்சவரம்பு ஆண்டுக்கு 4.5 லட்சம். அதனால் சரியான தொகையை எழுதினாலும் தகுதி போகாது.

திருத்தும்போதுதான் பலரும் கோட்டை விடுகிறார்கள். தொகையை மாற்றிச் சேமித்தால் மட்டும் விண்ணப்பம் போய்ச் சேராது. 'Final Submit' கொடுக்க வேண்டும். கொடுத்ததும் நிலை மறுபடி கல்லூரி மட்டத்தில் 'Pending' ஆகிவிடும். அதைப் பார்த்துப் பதற வேண்டாம், அதுதான் போய்ச் சேர்ந்ததற்கு அடையாளம். 'Defective' என்றே நின்றால் இன்னும் அனுப்பவில்லை என்று பொருள்.

குறையுள்ள விண்ணப்பங்களுக்கான கடைசித் தேதியைத் தளத்தில் திட்டத்தின் பெயருக்கு நேரே தனியாகப் போட்டிருப்பார்கள். அந்தத் தேதி கடந்தால் திருத்த வழியில்லை. கல்லூரி சரிபார்க்கவும் தனித் தேதி உண்டு. எனவே திருத்தி அனுப்பிய மறுநாளே விண்ணப்ப எண்ணுடன் கல்லூரியின் பொறுப்பு அலுவலரிடம் சொல்லிவிடுமாறு அந்தச் சகோதரரிடம் கூறினோம். நேற்று வந்த புதிய படத்தில் கல்லூரி சரிபார்த்துவிட்டது. இப்போது அடுத்த கட்டத்தில் 'Pending'.