திருப்பிக் கொடுத்த இடம் என்ன ஆகிறது?

சி மொழியில் நினைவகம் தேவைப்பட்டால் malloc-ஐக் கூப்பிட்டு எத்தனை பைட் என்று சொல்கிறோம். வேலை முடிந்ததும் free-க்கு முகவரியை மட்டும் கொடுக்கிறோம். அளவு அதற்கு எப்படித் தெரிகிறது? அமெரிக்காவின் கார்னகி மெல்லன் பல்கலைக்கழகத்தில், 15-213 என்ற பாடத்தில் மாணவர்கள் malloc-ஐயே சொந்தமாக எழுதிப் பார்க்கிறார்கள். இந்தக் கேள்விக்கு விடை அங்கே கிடைக்கிறது.

32 பிட் முகவரி கொண்ட எளிய வடிவத்தை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு துண்டின் தலையிலும் 4 பைட் ஹெடர் உண்டு. துண்டின் அளவு அதில் இருக்கும். அளவுகள் எல்லாம் எட்டின் மடங்கு என்பதால் கடைசி மூன்று பிட்டுகள் எப்போதும் பூஜ்யம். அவற்றில் கடைசியானதை ‘பயன்பாட்டில் உள்ளது’ என்ற அடையாளமாக வைத்துக்கொள்ளலாம். 24 பைட் துண்டு பயன்பாட்டில் இருந்தால் ஹெடரில் 25, காலியானால் 24.

இப்போது A, B, C என்று மூன்று 24 பைட் துண்டுகள் அடுத்தடுத்து இருக்கின்றன. A-வையும் பிறகு B-யையும் விடுவித்துவிட்டு, 36 பைட் கேட்கிறோம். தலைக்கும் வாலுக்கும் 8 பைட் சேர்த்து, எட்டின் மடங்காக்கினால் 48. காலி இடமும் சரியாக 48 பைட்தான். ஆனால் இரண்டும் தனித்தனித் துண்டுகளாக நின்றால் அந்த இடம் பயன்படாது, இணைக்க வேண்டும்.

அடுத்த துண்டைக் கண்டுபிடிப்பது சுலபம். தன் அளவைக் கூட்டினால் போதும். முந்தைய துண்டு எங்கே தொடங்குகிறது என்பதுதான் சிக்கல். டொனால்ட் நூத் சொன்ன வழி, ஹெடரின் நகலை வாலிலும் ஃபூட்டராக எழுதிவைப்பது.

```c
unsigned mun = *(unsigned *)(p - 8);
```

p என்பது B-யில் நமக்குக் கிடைத்த இடத்தின் முகவரி. அதற்கு 4 பைட் முன்னால் B-யின் ஹெடர். 8 பைட் முன்னால் A-வின் ஃபூட்டர். அங்கே 24 என்று இருந்தால் A காலி. A-வின் ஹெடரிலும் B-யின் ஃபூட்டரிலும் 48 என்று எழுதினால் இரண்டும் ஒன்றாகிவிடும்.

காலித் துண்டுகளைக் கோக்கும் ஃப்ரீ லிஸ்ட்டுக்குத் தனி இடம் வேண்டாம் என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த விஷயம். காலித் துண்டின் உள்ளே யாரும் எதையும் வைத்திருக்கவில்லை. ஆகவே முன்னும் பின்னும் காட்டும் இரண்டு பாயிண்டர்களை அங்கேயே எழுதிவிடலாம்.

பிழை பெரும்பாலும் இங்கேதான் நுழைகிறது. இணைக்கும் முன் A-வைப் பட்டியலிலிருந்து கழற்ற மறந்தால், ஏற்கெனவே பட்டியலின் முதலில் இருக்கும் A மறுபடியும் முதலில் செருகப்படும். A-வின் ‘அடுத்தது’ A-வையே காட்டும். 48 பைட்டைவிடப் பெரிய துண்டு கேட்டால் தேடல் முடியவே முடியாது. நிரல் அப்படியே உறைந்து நிற்கும். காலித் துண்டுகளை நினைவகத்தில் ஒருமுறையும் பட்டியலில் ஒருமுறையும் எண்ணி, எண்ணிக்கை ஒத்துப்போகிறதா என்று பார்க்கும் சோதனை நிரல் இதைக் கண்டுபிடித்துவிடும். பட்டியலை எண்ணும்போது மட்டும், முதல் எண்ணிக்கையைத் தாண்டினால் நிறுத்தச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் அதுவும் சுழலில் மாட்டிக்கொள்ளும்.

ஃபூட்டர் தேவைப்படுவது முந்தைய துண்டு காலியாக இருக்கும்போது மட்டும்தான். ஹெடரில் சும்மா கிடக்கும் இரண்டாவது பிட்டில் ‘எனக்கு முந்தையது பயன்பாட்டில் உள்ளது’ என்று குறித்துவைத்தால், பயன்பாட்டிலுள்ள துண்டு ஒவ்வொன்றிலும் ஃபூட்டரின் 4 பைட்டையும் கேட்டவருக்கே கொடுத்துவிடலாம்.