மின் கட்டணத்தில் எது நிலை, எது மாறும்?

ஒரு லேத் பட்டறையின் மின் கட்டணத்தில் இரண்டு செலவுகள் கலந்திருக்கின்றன. நிலைக்கட்டணமும் விளக்கும் வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் வரும். மெஷின் ஓடும் மின்சாரம் ஓடுகிற மணிக்கு ஏற்ப ஏறும். ஒரு ஆர்டருக்கு விலை சொல்ல வேண்டுமானால் இரண்டையும் பிரித்தாக வேண்டும். ஆனால் கையில் இருப்பது மாத மொத்தம் மட்டும்தான். உதாரணத்துக்கு ஆறு மாதக் கணக்கு:

| மெஷின் மணி | கட்டணம் (ரூ.) |
|---|---|
| 200 | 33,000 |
| 300 | 35,000 |
| 400 | 40,500 |
| 500 | 44,500 |
| 600 | 50,000 |
| 700 | 55,000 |

உயர்-தாழ் முறையில் அதிக மணி ஓடிய மாதத்தையும் குறைந்த மணி ஓடிய மாதத்தையும் மட்டும் எடுக்கிறோம். கட்டணம் அதிகமா குறைவா என்று பார்த்து மாதத்தைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. பலர் தவறுவது இங்கேதான். மணியில் வித்தியாசம் 500, பணத்தில் 22,000. வகுத்தால் மணிக்கு 44 ரூபாய். 700 மணிக்கு 30,800 ரூபாய் மாறும் செலவு. 55,000-இல் அதைக் கழித்தால் மிஞ்சும் 24,200 நிலைச் செலவு.

நான்கு மாதங்களைத் தொடவே இல்லையே என்று தோன்றும். ஆறு புள்ளிகளுக்கும் இயன்றவரை நெருக்கமாக ஒரு நேர்கோடு போடுவது தொடர்புப்போக்கு முறை, அதாவது ரெக்ரஷன். மணி A நெடுவரிசையிலும் கட்டணம் B-யிலும் இருந்தால் எக்செல்லில் இப்படிக் கேட்கலாம். கட்டணம்தான் முதலில் வர வேண்டும்:

```
=SLOPE(B2:B7,A2:A7)
=INTERCEPT(B2:B7,A2:A7)
```

விடை மணிக்கு சுமார் 45.43 ரூபாய், நிலைச் செலவு சுமார் 22,557.

ஆறு புள்ளிகளையும் வரைபடத்தில் வைத்துப் பாருங்கள். 200 மணி மாதம் மட்டும் மற்ற ஐந்தும் போகிற கோட்டுக்கு மேலே நிற்கும். அந்த மாதம் கூரைக்கு வெல்டிங் வேலை நடந்தது என்று வைத்துக்கொள்வோம். அந்த மின்சாரத்துக்கும் மெஷின் மணிக்கும் சம்பந்தமில்லை. அதை நீக்குவது நியாயம். கோட்டில் இடிக்கிறது என்பதற்காக மட்டும் ஒரு மாதத்தைத் தூக்கினால் அது கணக்கை வளைப்பதாகும்.

நீக்கிய பின் ரெக்ரஷன் சொல்வது மணிக்கு 49.50, நிலைச் செலவு 20,250. உயர்-தாழ் முறையோ, 300 மணியையும் 700 மணியையும் கொண்டு, மணிக்கு 50, நிலைச் செலவு 20,000 என்கிறது. இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகிவிட்டன. முறையை மாற்றியதைவிட ஒரு கோளாறான மாதத்தைக் கண்டுபிடித்ததுதான் விடையை அதிகம் நகர்த்தியது. ஆறே மாதங்களில், அதுவும் ஓரத்தில் இருக்கும் புள்ளி, ரெக்ரஷன் கோட்டையும் தன் பக்கம் இழுத்துவிடும்.

இன்னொரு எல்லையும் உண்டு. இந்த 20,250, பட்டறையை மூடினால் வரும் கட்டணம் அல்ல. 300 முதல் 700 மணிக்குள் பொருந்தும் கோட்டை பூஜ்யம் வரை நீட்டியதில் கிடைத்த எண் அது. இரவு ஷிப்ட் சேர்த்து மணி 1,000-ஐத் தொட்டால், கூடுதல் மின்சுமை வாங்க வேண்டியிருக்கும். நிலைக்கட்டணமே ஒரு படி ஏறிவிடும்.