மட்டும், கூட: சொல்லாத வாக்கியங்களின் கணக்கு

ஒரு விழாவுக்கு யார் யார் வந்தார்கள் என்று பேச்சு வருகிறது. ‘மாலா வந்தாள்’ என்கிறார் ஒருவர். ‘மாலா மட்டும் வந்தாள்’ என்கிறார் இரண்டாமவர். ‘மாலா கூட வந்தாள்’ என்கிறார் மூன்றாமவர். மாலா வந்தாள் என்ற செய்தி மூன்றிலும் இருக்கிறது. ஆனால் இரண்டாவது வாக்கியத்தைக் கேட்டதும், அழைக்கப்பட்ட மற்றவர்கள் வரவில்லை என்று தெரிந்துகொள்கிறோம். மூன்றாவதைக் கேட்டதும், மற்றவர்கள் வந்தார்கள் என்றும், மாலா வருவாள் என்று யாரும் நினைக்கவில்லை என்றும் புரிந்துகொள்கிறோம். அந்த மற்றவர்களின் பெயரை யாருமே சொல்லவில்லை. பின் அவர்கள் எப்படி நம் காதுக்குள் வந்தார்கள்?

சொற்பொருளியல் அறிஞர்கள் இந்தக் கேள்விக்குத் தெளிவான விடை ஒன்றை வைத்திருக்கிறார்கள். அதற்கு முழு வடிவம் கொடுத்தவர் மேட்ஸ் ரூத். 1985இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் அவர் அளித்த முனைவர் பட்ட ஆய்வேட்டின் பொருளே இதுதான். ஒரு வாக்கியத்தில் நாம் அழுத்திச் சொல்லும் பகுதிக்குக் குவியம் என்று பெயர் வைத்துக்கொள்வோம். அந்தக் குவியத்தை எடுத்துவிட்டு, அதே இடத்தில் அதே வகையைச் சேர்ந்த வேறொன்றை வைத்துப் பார்க்கவேண்டும். ‘மாலா வந்தாள்’ என்பதில் மாலாவை எடுத்துவிட்டால் ‘குமார் வந்தான்’, ‘செல்வி வந்தாள்’, ‘பாபு வந்தான்’ என்று ஒரு வரிசை கிடைக்கும். இந்த வரிசைதான் மாற்றுத் தொகுதி. குவியமுள்ள எந்த வாக்கியமும் தன் நேர்ப்பொருளோடு இந்தத் தொகுதியையும் சுமந்து வருகிறது என்பது ரூத்தின் கருத்து. ‘மட்டும்’, ‘கூட’ போன்ற இடைச்சொற்கள் வேலை செய்வது அந்தத் தொகுதியின் மேல்தான்.

முதலில் ‘மட்டும்’ செய்யும் வேலையைப் பார்ப்போம். தொகுதியில் உள்ள மற்ற வாக்கியங்களை அது பொய்யாக்குகிறது. குமார் வரவில்லை, செல்வி வரவில்லை, பாபு வரவில்லை. ஆனால் எல்லாவற்றையும் அது பொய்யாக்குவதில்லை. ‘இரண்டு இட்லி மட்டும் சாப்பிட்டேன்’ என்ற வாக்கியத்துக்கு ‘ஒரு இட்லி சாப்பிட்டேன்’, ‘மூன்று இட்லி சாப்பிட்டேன்’, ‘நான்கு இட்லி சாப்பிட்டேன்’ எல்லாம் மாற்றுகள்தான். மூன்றும் நான்கும் பொய் என்று சொல்கிறோம். ஒன்றைப் பொய் என்று சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. இரண்டு சாப்பிட்டவர் ஒன்றைச் சாப்பிடாமல் இருந்திருக்க முடியாதே. ஆக, சொன்ன வாக்கியம் உண்மையானால் கூடவே உண்மையாகிவிடும் மாற்றுகளை விட்டுவிட்டு, மற்றவற்றைத்தான் ‘மட்டும்’ தள்ளுகிறது.

தொகுதியின் எல்லையைச் சூழல் தீர்மானிக்கிறது. ‘குழம்பில் உப்பு மட்டும் குறைவு’ என்றால் புளி, காரம், பெருங்காயம் எல்லாம் சரியாக இருக்கின்றன என்று பொருள். குழம்பில் ஏலக்காய் இல்லை என்பதற்காக அந்த வாக்கியம் பொய்யாகிவிடாது. ஏலக்காய் அந்தத் தொகுதியிலேயே இல்லை. பேசுபவரும் கேட்பவரும் ஒரே தொகுதியை மனத்தில் வைத்திருக்கும்வரை சிக்கல் இல்லை. இருவரும் வெவ்வேறு தொகுதியை நினைத்துக்கொண்டால் தகராறு தொடங்கும்.

அப்படி ஒரு தகராறைப் பிரித்துப் பார்க்கலாம். ‘அமுதா ரவியின் தம்பிக்கு மட்டும் பணம் கொடுத்தாள்.’ ரவிக்குக் குமார் என்று ஒரு தம்பி, செல்வி என்று ஒரு தங்கை. ரவியின் நண்பர்கள் பாபுவுக்கும் செந்திலுக்கும் ஆளுக்கொரு தம்பி. நடந்தது இதுதான்: அமுதா குமாருக்கும் பணம் கொடுத்தாள், செல்விக்கும் கொடுத்தாள். வேறு யாருக்கும் கொடுக்கவில்லை. மேலே சொன்ன வாக்கியம் உண்மையா, பொய்யா?

‘ரவியின்’ என்ற சொல்லை அழுத்திச் சொல்லிப் பாருங்கள். இப்போது மாற்றுகள் பாபுவின் தம்பியும் செந்திலின் தம்பியும். அவர்கள் இருவருக்கும் பணம் கிடைக்கவில்லை. வாக்கியம் உண்மை. அடுத்து ‘தம்பிக்கு’ என்பதை அழுத்திச் சொல்லுங்கள். இப்போது மாற்று ரவியின் தங்கை. அவளுக்குப் பணம் கிடைத்திருக்கிறது. வாக்கியம் பொய். சொற்களும் அவற்றின் வரிசையும் மாறவில்லை, நடந்ததும் மாறவில்லை. குரலின் அழுத்தம் இடம் மாறியதும் உண்மை பொய்யாகிவிட்டது. அழுத்தம் வெறும் உணர்ச்சி சார்ந்தது என்றும், பொருளோடு அதற்குத் தொடர்பில்லை என்றும் இதற்குப் பிறகு சொல்ல முடியாது.

ஆங்கிலத்தில் இந்தச் சிக்கல் இன்னும் பெரியது. அங்கே ‘ஒன்லி’ என்ற சொல் வினைக்கு முன்னால் நின்றுகொண்டு, தொலைவில் இருக்கும் ஏதோ ஒரு சொல்லோடு உறவு கொள்ளும். எந்தச் சொல்லோடு என்பதைக் குரல்தான் காட்டவேண்டும். தமிழில் ‘மட்டும்’ தனக்குரிய தொடரின் பின்னாலேயே ஒட்டிக்கொள்வதால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடுகிறது. ஆனால் ‘ரவியின் தம்பிக்கு’ போல அந்தத் தொடருக்குள் இரண்டு சொற்கள் இருந்தால், மீதிக் குழப்பம் அப்படியே நிற்கிறது.

‘மட்டும்’ பற்றி இன்னொரு நுட்பத்தை 1969இல் லாரன்ஸ் ஹார்ன் எடுத்துக் காட்டினார். ‘மாலா மட்டும் வந்தாள்’ என்பதில் இரண்டு செய்திகள் இருக்கின்றன: மாலா வந்தாள், மற்றவர்கள் வரவில்லை. இந்த இரண்டும் ஒரே தரத்தில் இல்லை. முதலாவது, முன்பே ஏற்றுக்கொண்ட முற்கோள். இரண்டாவதுதான் புதிதாகச் சொல்லப்படுவது. வாக்கியத்தை மறுத்துப் பார்த்தால் இது தெரியும். ‘மாலா மட்டுமல்ல’ என்று நாம் மறுக்கும்போது மாலா வரவில்லை என்றா பொருள்? இல்லை. அவள் வந்தது அப்படியே இருக்கிறது. மற்றவர்கள் வரவில்லை என்ற பகுதி மட்டும் மறுக்கப்படுகிறது. ‘மாலா மட்டுமல்ல, குமாரும் வந்தான்’ என்று நாம் இயல்பாகத் தொடர்வதற்கு அதுதான் காரணம்.

இனி ‘கூட’. இந்தச் சொல்லுக்கு ‘உடன்’ என்ற பொருளும் உண்டு, ‘அதுவும்’ என்ற பொருளும் உண்டு. இங்கே நாம் பார்ப்பது வியப்பைக் காட்டும் ‘கூட’. இது மாற்றுகளைத் தள்ளுவதில்லை. எதிர்பார்ப்பின் அடிப்படையில் வரிசைப்படுத்துகிறது. எளிதில் நடக்கக்கூடியது ஒரு முனையில், நடக்காது என்று நினைத்தது மறு முனையில். சொன்ன வாக்கியத்தை அந்த மறு முனையில் ‘கூட’ கொண்டுபோய் நிறுத்துகிறது. அதனால்தான் ‘ரவி கூடத் தேர்ச்சி பெற்றான்’ என்ற பேச்சு ரவியைச் சுடுகிறது. அவன் தேர்ச்சி பெற்றது உண்மை, அதில் பொய் ஏதுமில்லை. ஆனால் தேர்ச்சி பெற வாய்ப்பே இல்லாதவர்களின் கடைசி இடத்தில் அவனை வைத்தாகிவிட்டது. ‘அது பொய்’ என்று அவனால் மறுக்கவும் முடியாது. அப்படி மறுத்தால், தான் தேறியதையே மறுத்ததாக ஆகிவிடும்.

தமிழ் இலக்கணம் இந்த வேலைகளை மிகப் பழங்காலத்திலேயே அடையாளம் கண்டு பெயரிட்டிருக்கிறது. தொல்காப்பியத்தின் இடையியல் ஏகாரத்துக்குச் சொல்லும் பொருள்களில் ஒன்று பிரிநிலை. ‘இவர்களுள் மாலாவே பாடினாள்’ என்றால் ஒரு கூட்டத்திலிருந்து மாலாவைப் பிரித்தெடுக்கிறோம். பிரிப்பதற்கு ஒரு கூட்டம் வேண்டும்; அந்தக் கூட்டம்தான் மாற்றுத் தொகுதி. உம்மைக்குச் சொல்லப்பட்ட எட்டுப் பொருள்களுள் எச்சம் என்பது ‘மற்றவையும் உண்டு’ என்று சுட்டுவது. சிறப்பு என்பது வரிசையின் முனையைச் சுட்டுவது. அதை உயர்வு சிறப்பு, இழிவு சிறப்பு என்று இரண்டாகப் பிரித்துப் பள்ளியிலேயே படித்திருக்கிறோம். ‘யானைக்கும் அடி சறுக்கும்’ என்பதில் வலிமை மிக்கது முனையில் நிற்கிறது. ‘வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம்’ என்பதில் அற்பமானது நிற்கிறது. இரண்டுக்கும் பொதுவானது எது? சறுக்கும் என்று யானையையும், ஆயுதமாகும் என்று புல்லையும் யாரும் எதிர்பார்ப்பதில்லை. உயர்வோ இழிவோ, எதிர்பார்ப்பின் கடைசி முனை என்பதே இரண்டையும் இணைக்கிறது.

இதை வைத்து ஒரு புதிரை விடுவிக்கலாம். ‘ஒருவர் கூட வரவில்லை’ என்று எல்லோரும் சொல்கிறோம். ‘ஒருவர் கூட வந்தார்’ என்று, எண்ணிக்கையை நினைத்து, யாரும் சொல்வதில்லை. ஏன்? மாற்றுகளை எழுதிப் பார்ப்போம்: ஒருவர் வந்தார், இருவர் வந்தார்கள், பத்துப் பேர் வந்தார்கள். பத்துப் பேர் வந்தாலும் இருவர் வந்தாலும் ஒருவர் வந்தது உண்மையாகிவிடும். ஆகவே இருப்பதிலேயே எளிதில் நடக்கக்கூடியது ‘ஒருவர் வந்தார்’ என்பதுதான். எளிதானதைப் போய் எதிர்பாராத முனையில் ‘கூட’ நிறுத்த முடியாது. அதனால் வாக்கியம் உடைகிறது.

எதிர்மறையில் வரிசை தலைகீழாகிறது. பத்துப் பேர் வரவில்லை, இருவர் வரவில்லை, ஒருவர் வரவில்லை என்று வைத்துப் பாருங்கள். ஒருவரும் வராவிட்டால் இருவரும் வரவில்லை, பத்துப் பேரும் வரவில்லை. எல்லாவற்றையும் உள்ளடக்கிய, நடப்பதற்கு மிக அரிய நிலை இப்போது ‘ஒருவர்’ என்ற இடத்தில் இருக்கிறது. ‘கூட’வுக்கு வேண்டிய முனை கிடைத்துவிட்டது. ‘ஒரு ரூபாய் கூடக் கொடுக்கவில்லை’ என்பதும், நேர்மறையில் ‘லட்சம் ரூபாய் கூடக் கொடுப்பான்’ என்பதும் இதே கணக்குதான். இந்தியில் ‘ஏக் பீ’ என்ற தொடருக்கு உத்பல் லாஹிரி 1998இல் இந்த விளக்கத்தை எழுதினார். ‘ஏக்’ என்றால் ஒன்று, ‘பீ’ நம் உம்மையைப் போன்றது. ‘ஒருவரும் வரவில்லை’ என்ற நம் தொடரும் அதே கட்டமைப்புதான். எதிர்மறையோடுதான் வரவேண்டும் என்று தனி விதி எதுவும் தேவையில்லை. சொற்களின் பொருளிலிருந்தே அது விளைகிறது.

பேச்சில் குரல் நமக்குத் துணை நிற்கிறது. அச்சிட்ட அறிவிப்பில் குரல் இல்லை. ஒரு பள்ளி வாசலில் ‘தேர்வு எழுதும் மாணவர்களின் பெற்றோருக்கு மட்டும் அனுமதி’ என்று எழுதி வைத்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். எழுதியவர், தேர்வு எழுதாத மாணவர்களின் பெற்றோரைத் தடுக்க நினைத்திருக்கலாம். அவர் நினைத்த மாற்று அதுதான். வாசலில் நிற்கும் காவலரோ ‘பெற்றோருக்கு’ என்ற சொல்லைக் குவியமாகப் படித்து, பேத்தியைத் தேர்வுக்கு அழைத்து வந்த தாத்தாவைத் தடுத்து நிறுத்துவார். இருவரும் அந்த வாக்கியத்தைச் சரியாகவே படித்திருக்கிறார்கள். நினைத்த தொகுதிதான் வேறு. ஆகவே அறிவிப்போ விதியோ ஒப்பந்தமோ எழுதும்போது ‘மட்டும்’ என்ற சொல்லை வைத்தால், யாரை விலக்குகிறீர்கள் என்பதையும் அடுத்த வரியில் எழுதிவிடுங்கள். ‘மற்ற மாணவர்களின் பெற்றோருக்கு அனுமதி இல்லை’ என்ற ஒரு வரி போதும். தாத்தா உள்ளே போய்விடுவார்.